லைனிங் பிளவுஸுக்கு எவ்வளவு வாங்கலாம்: 220, 250, 300

என் சித்தி மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் சின்னக் கடை. இரண்டு பவர் மிஷின், ஓர் ஓவர்லாக், ஒரு கட்டிங் மேசை. தைப்பதற்கு இரண்டு பேர் பீஸ் ரேட்டில் வருகிறார்கள். அளவெடுப்பது, வெட்டுவது, முடிந்ததைச் சரிபார்த்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். வருகிற வேலையில் பெரும்பகுதி லைனிங் பிளவுஸ். போன ஆனி மாதம் பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு கடை திறந்து, லைனிங் பிளவுஸ் 220 ரூபாய் என்று பலகை வைத்தார்கள். இவள் வாங்குவது 250.

"அண்ணா, நானும் 220 ஆக்கிவிடட்டுமா? ஒன்றுக்கு 70 ரூபாய் லாபம் நிற்கிற இடத்தில் 40 நிற்கும். கூட்டம் கூடினால் சரியாகிவிடும்தானே?" என்று போனில் கேட்டாள்.

அந்த 70 ரூபாயை அவள் லாபம் என்று சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, அவளுடைய நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம்.

ஒரு லைனிங் பிளவுஸ் கடைக்குள் வந்தால் கூடவே வருகிற செலவு எது என்று முதலில் பார்த்தோம். லைனிங் துணி கடையே போடுகிறது, அதற்கு 50 ரூபாய். நூல், ஹூக், கேன்வாஸ், நாடா எல்லாம் சேர்த்து 12. ஹூக் வைத்து எம்மிங் அடிக்க அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கொடுக்கிறாள், அதற்கு 25. தைப்பவருக்குக் கூலி 90. கவர் முதலியவற்றுக்கு 3. மொத்தம் 180. பிளவுஸ் வராவிட்டால் இந்த 180-ம் செலவாகாது. 250-இல் 180 போக 70 மிஞ்சுகிறது. அவள் லாபம் என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் பிளவுஸ் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. வாடகை 6,000. கரண்ட், போன் 1,300. ஊசி, எண்ணெய், மெக்கானிக் கூலி 700. மிஷின்கள் வாங்கிய 60,000 ரூபாயை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000. கடைக்குக் கொடுத்த 50,000 ரூபாய் அட்வான்ஸ் மகளிர் குழுவில் வாங்கிய கடன், அதற்கு மாத வட்டி 500. இவை சேர்ந்து 9,500 ரூபாய்.

இங்கேயே நிறுத்தினால் கணக்கு அழகாகத்தான் தெரியும். மிஞ்சும் 70 ரூபாயைக் கொண்டு 9,500-ஐ அடைக்க 136 பிளவுஸ் போதும். அவளுக்கு மாதம் சராசரியாக 280 வருகிறது. பிறகு ஏன் மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை? அவளுடைய கூலியை நாங்கள் இன்னும் எழுதவில்லை. ராஜபாளையத்தில் ஒரு கடை அவளைக் கட்டிங் வேலைக்கு மாதம் 15,000 சம்பளத்தில் கூப்பிட்டிருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் சொந்தக் கடையில் நிற்கிறாள். அப்படியானால் அந்த 15,000-ம் கடை அவளுக்குக் கொடுக்க வேண்டிய கடன்தான். அதையும் எழுதினால் மாதச் செலவு 24,500. சின்னத் தையல் கடைகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற வரி இதுதான். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கிற பணத்தைச் சம்பளம் என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் ரேட் தப்பாக இருந்தாலும் கடை நட்டத்தில் ஓடுவதுபோல் தெரியாது. குறைவதெல்லாம் முதலாளியின் கூலியில் சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருக்கும்.

கணக்கு ஒரே வரிதான்: மாதச் செலவு ÷ ஒரு பிளவுஸில் மிஞ்சுவது = கட்டுப்படியாகும் எண்ணிக்கை. புத்தகங்களில் இதைச் சமநிலைப் புள்ளி என்பார்கள். நம் கடைத்தெருவில் கட்டுப்படி என்கிற நல்ல சொல்லே இருக்கிறது. 24,500-ஐ 70-ஆல் வகுத்தால் 350. மாதம் 25 வேலை நாள் என்றால் நாளைக்கு 14 பிளவுஸ். அவளுக்கு வருவதோ 280. அதில் மிஞ்சும் 19,600 ரூபாயில் 9,500 போனால் அவள் கைக்கு வருவது 10,100. ராஜபாளையத்துக்குப் போயிருந்தால் கிடைத்திருப்பதைவிட மாதம் 4,900 குறைவு. பழைய ரேட்டே கட்டுப்படியாகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இனி 220. மிஞ்சுவது 40. கட்டுப்படிக்கு 613 பிளவுஸ் வேண்டும். ரேட்டைக் குறைத்தது 12 சதவீதம். தேவைப்படும் எண்ணிக்கை கூடியதோ 75 சதவீதம். இந்த ஏறுமாறைப் பார்த்ததும் அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே ஒருமுறை வகுத்துப் பார்த்தாள். காரணம் எளிது. குறைக்கிற 30 ரூபாயில் லைனிங் துணிக்காரரோ, எம்மிங் அடிக்கிற அம்மாவோ, தைப்பவரோ பங்கு ஏற்பதில்லை. 30 ரூபாயும் அந்த 70-இல் இருந்தே போகிறது.

சரி, 613 வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். தைத்துக் கொடுக்க முடியுமா? கூட ஆள் போடலாம் என்று அவள் நினைத்தாள். ஆனால் இந்தக் கடையில் இறுகலான இடம் மிஷின் அல்ல, கட்டிங் மேசை. ஒரு லைனிங் பிளவுஸுக்கு அளவு பார்த்து, துணியையும் லைனிங்கையும் வெட்ட 20 நிமிடம். வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் பேசிச் சரிபார்க்க 10 நிமிடம். ஆக அவளுடைய நேரம் ஒன்றுக்கு அரை மணி. 613 பிளவுஸ் என்றால் மாதம் 306 மணி நேரம், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் டேப்பையும் கத்தரிக்கோலையும் கீழே வைக்கக் கூடாது. தைக்க நான்கு பேர் வேண்டும். இரண்டு மிஷின் கூட வாங்க வேண்டும், அதை வைக்க அந்தக் கடையில் இடமில்லை. பெரிய கடை பிடித்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் 613-ம் போதாது. எட்டாத எண்ணிக்கையைத் துரத்துவதற்காக ரேட்டைக் குறைப்பதில் அர்த்தமில்லை என்று 220-ஐ அங்கேயே அடித்துவிட்டோம்.

அப்படியானால் அந்தப் புதிய கடைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் மூலம் விஷயம் தெரிந்தது. அங்கே 220 என்பது தையலுக்கு மட்டும். லைனிங் துணி தனி. பலகையில் அது இல்லை. துணியையும் சேர்த்தால் இவளுடைய 250-ஐ விட அங்கேதான் அதிகம். எதிர்க் கடையின் ரேட்டைப் பார்த்து நம் ரேட்டை மாற்றுவதற்கு முன், அந்த ரேட்டில் எது அடங்கும், எது அடங்காது என்று விசாரித்துவிட வேண்டும்.

அடுத்தது 300. கூலியை மாற்றாமல் ரேட்டை மட்டும் ஏற்றினால் மிஞ்சுவது 120. கட்டுப்படிக்கு 205 போதும். இப்போது கைக்கு வருகிற அதே 10,100 வருவதற்கு 164 பிளவுஸ் போதும். 280-இல் 116 பிளவுஸ் வராமல் போனாலும் நட்டமில்லை. இதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. எனக்கு அந்த 164-இல் சந்தேகம் இருந்தது.

பீஸ் ரேட்டில் வருகிற இரண்டு பேருக்கும் இப்போது ஆளுக்கு 140 பிளவுஸ், மாதம் 12,600 ரூபாய் கிடைக்கிறது. 164 ஆகிவிட்டால் ஆளுக்கு 82 பிளவுஸ், 7,380 ரூபாய். அந்தப் பணத்துக்கு யார் இருப்பார்கள்? இரண்டாவது மாதமே ஒருவர் போய்விடுவார். கை பழகிய தையல்காரர் போனால் ஏற்படும் இழப்பை எந்த நோட்டிலும் எழுத முடியாது. புதிய ஆளின் கை இந்தக் கட்டிங்குக்குப் பழகும் வரை தோள் இறங்கும், கழுத்து தூக்கும், ஆல்டருக்குத் திரும்பி வரும். ஆல்டருக்கு அவள் காசு வாங்குவதில்லை. ஒரு பிளவுஸ் கெட்டே போய், துணிக்கு 400 ரூபாய் கொடுக்க நேர்ந்தால் அது மட்டுமே 250 ரேட்டில் ஆறு பிளவுஸ் மிச்சத்தைத் தின்றுவிடும். பட்டுச் சேலையோடு சேர்ந்து வந்த துணி என்றால் ஈடே கிடையாது.

அதனால் ஏற்றுகிற 50 ரூபாயில் 20 ரூபாயைத் தைப்பவர் கூலிக்கு ஒதுக்கிப் பார்த்தோம். கூலி 110, மிஞ்சுவது 100. இப்போது மூன்று எண்கள் கிடைத்தன. 196 பிளவுஸ் வந்தால் அவளுக்குப் பழைய வரும்படி குறையாது. 229 வந்தால் தைப்பவர்கள் இருவருக்கும் பழைய வரும்படி கிட்டத்தட்ட அப்படியே வரும். 245 வந்தால் அவளுடைய 15,000 கூலியும் சேர்ந்து கடை முழுதாகக் கட்டுப்படியாகும். கீழ் எல்லை 196 என்று தோன்றும். என் கணக்கில் எல்லை 229. அதற்குக் கீழே போனால் பணம் வந்தாலும் ஆள் நிற்காது. 280-லிருந்து 229 வரை 51 பிளவுஸ் இழக்கலாம், ஐந்து வாடிக்கையாளரில் ஒருவரைவிடச் சற்றுக் குறைவு. 116 என்ற எண் கொடுத்த தைரியத்தைவிட இது சின்னது, ஆனால் நம்பக்கூடியது.

ரேட்டை ஏற்றாமலே இன்னொரு வழி உண்டு என்று அவள் கணவர் சொன்னார். பீஸ் ரேட்டை நிறுத்திவிட்டு இருவருக்கும் மாதச் சம்பளம் 14,000 பேசிவிடலாம் என்றார். கேட்டதும் ஒதுக்கிவிடக்கூடிய யோசனை அல்ல. 250 ரேட்டிலேயே கூலி 90 செலவிலிருந்து நீங்கினால் மிஞ்சுவது 160. மாதச் செலவு 28,000 கூடி 52,500 ஆகிறது. வகுத்தால் 329. பீஸ் ரேட்டின் 350-ஐ விடக் குறைவுதான். 28,000-ஐ 90-ஆல் வகுத்தால் 311 வரும். மாதம் 311-க்கு மேல் நிச்சயமாக வேலை இருக்கிற கடைக்குச் சம்பளமே சிக்கனம்.

இவள் கடையில் அந்த நிச்சயம் இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. தள்ளுபடியில் சேலை வாங்குவார்கள், ஆனால் தைக்கக் கொடுப்பது ஆவணியில்தான். போன வருடம் ஆடியில் வந்தது 150. தீபாவளிக்கு முந்தைய மாதம் 400. 150 வந்த மாதத்தில் பீஸ் ரேட்டில் அவளுக்கு 1,000 ரூபாயாவது மிஞ்சியது. சம்பளம் என்றிருந்தால் கையிலிருந்து 13,500 போட வேண்டியிருக்கும். 400 வரும் மாதத்தில் சம்பள முறை 8,000 ரூபாய் கூடுதலாகத் தரும், இராத்திரி உட்கார்ந்து தைப்பதற்கு அவர்கள் தனியாகக் கேட்காவிட்டால். ஆனால் கேட்பார்கள். நல்ல மாதத்தில் கிடைக்கிறது, மோசமான மாதத்தில் போகிறது என்று கூட்டிக்கழித்துப் பார்ப்பது காகிதத்தில் சரி. ஆடியில் கைவசம் 13,500 இல்லாதவள் அதைக் கடனாகத்தான் வாங்குவாள். ஆண்டு முழுவதும் பள்ளிச் சீருடையோ நிறுவன ஆர்டரோ கிடைக்கிற கடைக்கு நான் சம்பள முறையையே சொல்வேன். பிளவுஸை மட்டும் நம்பியிருக்கும் இவளுக்குச் சொல்ல மாட்டேன்.

மாடல் பிளவுஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதில்தான் காசு என்று அவளும் நம்பியிருந்தாள். ரேட் 600. லைனிங், பைப்பிங், கயிறு, குஞ்சம், கைவேலை, 250 ரூபாய் தையல் கூலி எல்லாம் போக 220 மிஞ்சுகிறது. 70-க்கு முன்னால் 220 பெரிதாகத்தான் தெரியும். ஆனால் போனில் படம் காட்டி, இந்தக் கழுத்துதான், இல்லை அந்தக் கை என்று பேசி முடிக்கவும், பேப்பரில் வரைந்து வெட்டவும் அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதே ஒன்றரை மணியில் மூன்று லைனிங் பிளவுஸ் வெட்டினால் 210. இரண்டும் ஒன்றுதான். லைனிங் பிளவுஸை 300-க்கு ஏற்றிய பிறகோ மூன்றுக்கு 300 மிஞ்சும். மாடல் 600-லேயே இருந்தால் அது அவள் நேரத்தை விழுங்குகிற வேலையாகிவிடும். குறைந்தது 700 வாங்கினால்தான் அதை எடுக்கலாம். இறுகலான இடம் கட்டிங் மேசை என்று தெரிந்துவிட்ட கடையில், எந்த வேலையையும் அந்த மேசையில் அது பிடிக்கும் நேரத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முடிவு 300, கூலி 110, பீஸ் ரேட் தொடரும், மாடல் 700 என்றாயிற்று. எப்போது ஏற்றுவது என்பதில்தான் இருவருக்கும் வாக்குவாதம். வேலை இல்லாத ஆடியில் ஏற்றிவிட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்றாள் அவள். சும்மா இருக்கிற மாதத்தில் வருகிற ஒவ்வொரு பிளவுஸும் வாடகையை அடைக்க உதவும், அப்போது ஒருவரைக்கூட இழக்கக் கூடாது என்றேன் நான். வேலை குவிகிற நேரத்தில் ஏற்றினால், ரேட் கேட்டுத் திரும்பிப் போகிறவர் எப்படியும் நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் நாமே திருப்பி அனுப்பியிருக்கக்கூடியவர். ஆவணி முதல் தேதி என்று முடிவு செய்தோம். ரேட் அட்டையை இரண்டு வரியாக எழுதச் சொன்னேன்: தையல் 240, லைனிங் துணி 60. பக்கத்துச் சந்துப் பலகையோடு ஒப்பிடுகிறவர் தையலைத் தையலோடு ஒப்பிடட்டும். லைனிங்கைத் தாமே வாங்கி வருகிறவரிடம் 240 வாங்கினால் மிஞ்சுவது 90, அதனால் அவரையும் மறுக்கத் தேவையில்லை. ஆனால் அப்படி வருகிறவர்கள் கூடினால் கட்டுப்படி எண்ணிக்கை 245-லிருந்து மெல்ல ஏறும் என்பதையும் சொல்லிவைத்தேன். எல்லோருமே துணி கொண்டுவந்தால் அது 273.

முதல் வாரத்தில் ஒரு குடும்பம் பதினொரு பிளவுஸோடு திரும்பிப் போய்விட்டது. அன்று இரவு அவள் குரலில் அழுகை இருந்தது. போனது பதினொன்று, இழக்கத் தயாராக இருந்தது ஐம்பத்தொன்று என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது. ஆவணி முடிவில் 238 வந்திருந்தது. கைக்கு வந்தது 14,300. போன வருடம் அதே ஆவணியில் 290 தைத்துக் கொடுத்து அவள் எடுத்தது 10,800. தைப்பவர்களுக்கு ஆளுக்கு 119 பிளவுஸ், 13,090 ரூபாய். குறைவாகத் தைத்து அதிகம் வாங்கியதில் அவர்களுக்கும் வருத்தமில்லை.

ஆனால் இந்த எண்கள் நிரந்தரமானவை அல்ல. வாடகை 1,000 ஏறினால் கூடப் பத்து பிளவுஸ் வேண்டும். லைனிங் துணி 10 ரூபாய் ஏறினால் 245 என்பது 273 ஆகும். வாடகை ஏறினால் எல்லோரும் கவனிப்பார்கள். லைனிங் ஏறுவதை யாரும் கவனிப்பதில்லை, அதுதான் அதிகம் கடிக்கிறது. துணி மொத்தமாக வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வகுத்தலை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரேட் தப்பாகிவிட்டதைக் காட்டுகிற வேறு அறிகுறிகளும் உண்டு. யாரும் ரேட்டே கேட்காமல் துணியைக் கொடுத்துவிட்டுப் போனால், கொடுத்த தேதிக்குத் தைத்து முடியாமல் நாள் தள்ளிக்கொண்டே போனால், ரேட் குறைவாக இருக்கிறது. ஆடியல்லாத மாதத்தில் மாலை நான்கு மணிக்கே மிஷின்கள் சும்மா நின்றால், ஏற்றியது அதிகம்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். சுவரில் தினசரி காலண்டர் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அன்று வரையிலான பிளவுஸ் எண்ணிக்கை. புரட்டாசி 27-இல் 245 என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். அதற்குக் கீழே எஞ்சிய நாட்களின் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ரூபாய் எழுதத் தொடங்கியிருந்தாள்.